முளைப்பயறு சாப்பிட்ட ராத்திரி வயிறு ஏன் உப்புகிறது?

"பச்சையாகச் சாப்பிட்டால்தான் சத்து" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, முதல் நாளே ஒரு பெரிய கிண்ணம் முளைகட்டிய பயறு, மேலே பச்சை வெங்காயம், முட்டைக்கோஸ், வெள்ளரி எல்லாம் போட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு எல்லோருக்கும் வைத்தேன். பெரியவர்கள் இருவருக்கும் நடுராத்திரி வயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. மறுநாளே வீட்டில் சாலட் என்ற பேச்சுக்கே தடை. தவறு சாலட்டில் இல்லை, நான் வைத்த விதத்தில்தான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நாள் ஆனது.

பயறு வகைகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று சில சர்க்கரைகள் இருக்கின்றன. இவற்றை உடைக்கிற நொதி மனிதர்களின் சிறுகுடலில் கிடையாது. அப்படியே பெருங்குடலுக்குப் போகின்றன, அங்கே இருக்கிற பாக்டீரியாக்கள் அவற்றைத் தின்று வாயுவை விடுகின்றன. சாப்பாடு பெருங்குடல் வரை போய்ச்சேர சில மணி நேரம் ஆகுமில்லையா, அதனால்தான் சாப்பிட்டவுடன் ஒன்றும் தெரியாமல், படுத்துத் தூங்கிய பிறகு தொந்தரவு தொடங்குகிறது. ஏழு மணிக்குள் சாப்பிட்டால் வாயு வராமல் போகாது, ஆனால் கொஞ்சமாவது நடமாடிக்கொண்டிருக்கும்போதே வெளியேறிவிடலாம்.

பயறு முளைவிடும்போது தன் வளர்ச்சிக்கு அந்தச் சர்க்கரையைத்தான் செலவழிக்கிறது. அதனால் வெள்ளையாக ஒரு புள்ளி எட்டிப்பார்த்ததுமே எடுத்துச் சாப்பிடுவதுதான் நான் பார்த்தவரை எல்லோரும் செய்கிற அவசரத் தவறு. எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு (கரைந்த சர்க்கரையில் கொஞ்சம் அதிலேயே போய்விடும், அதைச் சமையலுக்கு எடுத்து வைக்காதீர்கள்), துணியில் கட்டி ஒரு நாள் முழுதும் விடுங்கள். முளை பயறின் நீளத்துக்காவது வரட்டும். நடுவில் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசவேண்டும். பிசுபிசுப்போ புளித்த வாடையோ வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

அந்த வாடைக்காக மட்டும் சொல்லவில்லை. முளைக்கத் தேவையான அதே வெதுவெதுப்பும் ஈரமும் சால்மோனெல்லா, ஈகோலை மாதிரியான கிருமிகளுக்கும் தோதானவை, அவை இருந்தாலும் வாடை வராமலே இருக்கலாம். அதனால் சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் பச்சை முளைப்பயறு சாப்பிடவே கூடாது. அவர்களுக்கு நன்றாக, ஆவி பறக்கிற சூட்டில் வேகவைத்துக் கொடுங்கள். மற்றவர்களுக்கும் ஏழெட்டு நிமிடம் ஆவியில் வைத்து, விரலால் நசுக்கினால் மசிகிற பதத்தில் எடுப்பதுதான் நல்லது. வைட்டமின் சி கொஞ்சம் குறையும், உண்மைதான். செரிக்காமல் போகிற சத்தைவிடச் செரிக்கிற சத்து மேல் இல்லையா?

தொடங்குவதற்குப் பச்சைப்பயறுதான் லேசானது. கொண்டைக்கடலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ராஜ்மாவை மட்டும் முளைகட்டிப் பச்சையாகத் தொடவே தொடாதீர்கள். அதிலுள்ள லெக்டின் என்ற பொருள் வாந்தி, வயிற்றுப்போக்கு வரை கொண்டுபோகும். ஊறவைத்த தண்ணீரை மாற்றிவிட்டு, நன்றாகக் கொதிக்கிற தண்ணீரில் பத்து நிமிடமாவது வேகவைத்தால்தான் அது போகும்.

இனி கிண்ணத்தில் சேர்ப்பவை. பச்சை வெங்காயத்திலும் இதேபோல் செரிக்காத ஃப்ரக்டான் இருக்கிறது, முட்டைக்கோஸும் வாயு தருவதுதான். பயறோடு இவை சேரும்போது வாயுவும் கூடுகிறது, எது காரணம் என்றும் தெரியாமல் போகிறது. எங்கள் வீட்டில் மறுபடி தொடங்கியபோது ஆளுக்கு இரண்டு மேசைக்கரண்டி வேகவைத்த பயறு, தோலும் விதையும் நீக்கிய வெள்ளரி, துருவி இரண்டு நிமிடம் ஆவியில் காட்டிய கேரட், எலுமிச்சைச் சாறு, அவ்வளவுதான். வழக்கமான சாப்பாட்டைக் கொஞ்சம் குறைத்து, அதன் பக்கத்தில் வைத்தேன், அதற்குப் பதிலாக அல்ல.

ஐந்து நாள் அதே அளவு. ஒருவருக்கும் தொந்தரவில்லை என்றதும் மூன்று கரண்டி, அடுத்த வாரம் நான்கு. நான்கில் ஒரு பெரியவருக்கு மட்டும் உப்புசம் வந்தது, அவருக்கு மூன்றிலேயே நிறுத்திவிட்டேன், மற்றவர்கள் தொடர்ந்தார்கள். வீட்டுக்கே ஒரே அளவு என்று பிடிவாதம் வேண்டாம். அவருக்குப் பல் சரியில்லாமல் மெல்ல முடியாததும் ஒரு காரணம் என்று பிறகுதான் தெரிந்தது. பயறைக் கரண்டியால் லேசாக மசித்துக் கொடுத்தபோது நான்கும் ஒத்துக்கொண்டது.

இவ்வளவு குறைத்தும் வலி தூக்கத்தைக் கலைத்தாலோ, மலத்தில் ரத்தமோ காரணமில்லாத எடைக்குறைவோ இருந்தாலோ, பயறை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.