சிறுகதைத் தொகுப்புக்குத் தலைப்பு: கதையின் பெயரா, பொதுப்பெயரா?

சிறுகதைத் தொகுப்பு ஒன்று அச்சுக்குப் போகும் நேரத்தில், கதைகளின் வரிசையும் முன்னுரையும் மெய்ப்புத் திருத்தமும் முடிந்த பிறகும் முடிவாகாமல் நிற்பது பெரும்பாலும் தலைப்புதான். உள்ளே இருக்கும் கதைகளில் ஒன்றின் பெயரையே நூலுக்கும் வைப்பதா, எந்தக் கதைக்கும் இல்லாத பொதுப்பெயர் ஒன்றைச் சூட்டுவதா என்பதற்கு விதி ஏதும் இல்லை. ஜே. டி. சாலிஞ்சரின் தொகுப்பு 1953-இல் அமெரிக்காவில் ‘ஒன்பது கதைகள்’ என்ற பொருளுடைய பெயரில் வந்தது. பிரிட்டனிலோ அதே நூல், அதிலுள்ள எஸ்மே என்ற சிறுமியைப் பற்றிய கதையின் பெயரைத் தாங்கி வெளியாயிற்று. இரு வழிகளும் செல்லும். எந்தக் காரணத்துக்காக ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் தவறுகள் நேர்கின்றன.

அவற்றுள் மிகுதியாக நேர்வது, தொகுப்பிலேயே சிறந்த கதையின் பெயரை எடுத்து அட்டையில் வைத்துவிடுவது. கதையின் தலையில் இருக்கும்போது ஒரு பெயர் அந்தக் கதைக்கு மட்டுமே பொறுப்பேற்கிறது; அட்டைக்கு ஏறியதும், உள்ளே இருக்கும் அத்தனை கதைகளுக்கும் சேர்த்து அது வாக்குக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறது. கதை சிறந்ததா என்பதும், அதன் பெயர் இந்தச் சுமையைத் தாங்குமா என்பதும் வெவ்வேறு கேள்விகள். வ. வே. சு. ஐயரின் தொகுப்பு ‘மங்கையர்க்கரசியின் காதல் முதலிய கதைகள்’ என்ற பெயரில் வந்தது. ஆனால் அவர் பெயரைச் சொன்னதும் வாசகருக்கு இன்று நினைவுக்கு வரும் கதை அதே தொகுப்பிலுள்ள ‘குளத்தங்கரை அரசமரம்’தான். தலைப்பைப் பெற்ற கதையே காலத்தில் முன்னிற்கும் என்று சொல்வதற்கில்லை.

நண்பர் ஒருவரின் கையெழுத்துப் படியோடு பல வாரங்கள் இருந்தபோது இதை நெருங்கிப் பார்த்தேன். மொத்தம் 11 கதைகள். அவற்றுள் ‘மூன்றாவது சாட்சி’ என்ற கதை இதழில் வந்தபோதே பலராலும் பாராட்டப்பட்டது என்பதால், நூலுக்கும் அதே பெயர் என்று அவர் முடிவு செய்திருந்தார். நீதிமன்றத்தில் நடக்கும் கதை அது; இரண்டு சாட்சிகள் மட்டுமே விசாரிக்கப்படுகிறார்கள், சம்பவம் நடந்த அறையின் கதவுக்குப் பின்னால் ஒரு குழந்தை நின்றிருந்தது என்பது கடைசிப் பக்கத்தில்தான் புலப்படும். இந்தப் பெயரை அட்டையில் வைத்தால் இரண்டு கேடுகள் உண்டு. நீதிமன்றம் வருவது 11-இல் ஒரே ஒரு கதையில். ஆனால் அட்டையைப் பார்ப்பவர் குற்றமும் விசாரணையும் நிறைந்த நூல் என்று எண்ணி வாங்குவார், மற்ற 10 கதைகளிலும் அதைத் தேடி ஏமாறுவார். இதைவிடப் பெரியது அடுத்த கேடு. கதையின் மேல் சிறிய எழுத்தில் இருந்தவரை மெல்லிய குறிப்பாக இருந்த ‘மூன்றாவது’ என்ற சொல், அட்டையிலும் முதுகிலும் பின்னட்டைக் குறிப்பிலும் திரும்பத் திரும்ப வந்தபின் எச்சரிக்கையாகிவிடும். வாசகர் முதல் வரியிலிருந்தே மூன்றாவது ஆளை எண்ணிக்கொண்டிருந்தால் கடைசிப் பக்கம் தன் வேலையைச் செய்யாது.

இதைச் சொன்னதும் நண்பர் எதிர்ப்பக்கத்துக்குப் போய், ‘உறவுகளின் நிழலில்’ என்று ஒரு பொதுப்பெயரை எழுதிக் காட்டினார். பொதுப்பெயர் தேடுபவர்கள் வழக்கமாக விழும் இடம் இது. மௌனம், நிழல், உறவு, காலம், தனிமை போன்ற சொற்களில் இரண்டை எடுத்து ‘-இன்’ உருபால் இணைத்துவிட்டால் தலைப்புப் போன்ற ஓசை கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்தப் பெயரை வேறு எந்தத் தொகுப்பின் மீது ஒட்டினாலும் அது அப்படியே பொருந்தும். எல்லாக் கதைகளையும் தழுவ வேண்டும் என்ற ஆசையில், எந்தக் கதையையும் தொடாத உயரத்துக்குப் போய்விடும் பெயர்கள் இவை. கருப்பொருளை வெளிப்படையாகச் சொல்லிவிடும் பொதுப்பெயருக்கு இன்னொரு குறையும் உண்டு: வாசகர் தாமே கண்டடைய வேண்டியதை அது முன்கூட்டியே தீர்ப்பாக அறிவித்துவிடுகிறது. நல்ல பொதுப்பெயர் கருத்தைச் சொல்லாது. கதைகள் அனைத்தும் உண்மையாகவே பகிர்ந்துகொள்ளும் ஏதோ ஒன்றைச் சுட்டும். ஜேம்ஸ் ஜாய்ஸ் 1914-இல் வெளியிட்ட தொகுப்பின் 15 கதைகளில் ஒன்றுக்குக்கூட நூலின் பெயர் இல்லை. ‘டப்ளின்காரர்கள்’ என்று மட்டுமே அந்தப் பெயர் சொல்கிறது. அந்த மனிதர்களைப் பற்றி என்ன நினைக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை.

பிறகு நாங்கள் செய்தது எளிய சோதனை. தலைப்பாகக்கூடிய ஒவ்வொரு பெயரையும் ஒரு தாளின் மேலே எழுதி, கீழே 11 கதைகளையும் வரிசையாக எழுதி, அந்தப் பெயரை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் எந்தக் கதையில் ஏதேனும் கூடுதலாகத் தெரிகிறது என்று குறித்தோம். ‘மூன்றாவது சாட்சி’க்கு இரண்டு குறிகள் விழுந்தன. ‘உறவுகளின் நிழலில்’ என்பதற்கு எல்லாக் கதைகளுக்கும் குறி போடலாம் போலிருந்தது, ஆனால் எந்தக் கதையிலும் புதிதாக எதுவும் தெரியவில்லை. ஆகவே ஒன்றுகூட விழவில்லை என்றே கொண்டோம். எதிர்பாராமல் முன்னுக்கு வந்தது, ஐந்தாவதாக இருந்த நான்கு பக்கக் கதையின் பெயர்: ‘விளக்கை அணைக்க வேண்டாம்’. நோயுற்ற தாய் இரவில் மகனிடம் சொல்லும் சொற்கள் அவை. அந்தப் பெயரோடு படித்தபோது, மேலும் ஆறு கதைகளில் யாரோ ஒருவர் யாருக்காகவோ விழித்திருக்கிறார் என்பது தெரிந்தது. எழுதியவருக்கே அது அதுவரை தோன்றியிருக்கவில்லை.

ஆனாலும் ஒரு சிக்கல் மிஞ்சியது. தலைப்புக் கதையை வாசகர் தனியே தேடிப் படிப்பார், விமர்சகர் அதைக் கொண்டே நூலை எடைபோடுவார்; அந்த நான்கு பக்கக் கதையோ அவ்வளவு எதிர்பார்ப்பைத் தாங்கக்கூடியது அன்று. வலுவற்ற கதையை அதன் பெயர் அழகாக இருக்கிறது என்பதற்காகவே முன்னிறுத்துவதும் தவறுதான், இது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆகவே கதையின் பெயரை ‘இரவுத் துணை’ என்று மாற்றி, ‘விளக்கை அணைக்க வேண்டாம்’ என்பதைத் தாயின் பேச்சில் மட்டும் விட்டுவைத்து, நூலுக்கு அதையே பெயராக்கினோம். இப்போது அது எந்தக் கதையின் பெயரும் அன்று. என்றாலும் மேலிருந்து ஒட்டவைத்த பொதுப்பெயரும் அன்று. நூலின் நடுவில் அந்த வரியைச் சந்திக்கும் வாசகர், அட்டையை ஒருமுறை திருப்பிப் பார்ப்பார். கதையின் பெயரா பொதுப்பெயரா என்று இரண்டே வாசல்கள் இருப்பதாக எண்ணிக்கொண்டு, கதைகளுக்குள்ளேயே கிடக்கும் இப்படிப்பட்ட சொற்றொடர்களைத் தேடாமல் விடுவதைத்தான் நான் பெரிய இழப்பாகக் கருதுகிறேன்.

பெயரை முடிவு செய்தபின் அதைத் தேடுபொறியிலும் நூலகப் பட்டியலிலும் தட்டிப் பார்க்க வேண்டும். வேறொரு நூலுக்கு அதே பெயர் இருப்பது பெரும்பாலும் சட்டச் சிக்கல் ஆகாது; ஆனால் ‘மழை’ போன்ற ஒற்றைச் சொல்லை வைத்தால் நூலைத் தேடுபவருக்கு அது அகப்படாது.

இதழில் வந்த கதை ஒன்றின் பெயரை மாற்றியிருந்தால், பொருளடக்கம், கதையின் முகப்பு, பக்கத்தின் மேல் ஓடும் தலைப்பு ஆகிய மூன்று இடங்களிலும் புதிய பெயர் வந்திருக்கிறதா என்று மெய்ப்பில் பார்க்க வேண்டும். கதைகள் முதலில் வெளியான இதழ்களைக் குறிப்பிடும் நன்றிப் பக்கத்தில் மட்டும் பழைய பெயரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அதை இதழில் படித்தவர், அந்தக் கதை தொகுப்பில் விடுபட்டுவிட்டது என்றே நினைப்பார்.