உழவர் வாரச் சந்தைக்கு ஊராட்சி மன்றத்திடம் இடம் கேட்பது எப்படி: 24 கடைகளை வைத்து ஒரு செய்முறை

சந்தைக்கு இடம் கேட்டுப் போகும் மனுக்களில் பெரும்பாலானவை ஒரே வரியில்தான் முடியும்: 'தாங்கள் ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.' இந்த வரியை வைத்து மன்றம் எதையும் முடிவெடுக்க முடியாது. எந்த இடம், எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம், குப்பையை யார் அள்ளுவது என்று எதுவும் அதில் இல்லை. அதனால் மனு 'பரிசீலனையில்' போய் உட்கார்ந்துவிடும். உறுப்பினர்கள் கையைத் தூக்கினாலே தீர்மானமாகிவிடக்கூடிய ஒரு பத்தியை நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டும். மற்ற வேலைகள் எல்லாம் அந்தப் பத்தியை நிரப்புவதற்குத்தான்.

முதலில் ஆட்களை எண்ணுங்கள்

'நம்ம ஊர்ல ஐம்பது பேர் வருவாங்க' என்பது கணக்கில் சேராது. ஒரு தாளில் கட்டம் போட்டு, விற்க வரும் ஒவ்வொருவரிடமும் பெயர், நிலத்தின் அளவு, என்ன பயிர், எந்தெந்த மாதம் அறுவடை என்று கேட்டுக் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட்ட எல்லோரும் வந்துவிட மாட்டார்கள். 24 கடை வேண்டுமென்றால் 30 கையெழுத்தாவது கையில் இருக்கட்டும்.

அந்த மாதக் கட்டத்தைக் கொஞ்சம் நேரம் எடுத்துப் பாருங்கள். எல்லோருக்கும் விளைச்சல் உள்ள மாதத்தில் 24 பேர் வருவார்கள். விளைச்சல் குறைந்த மாதத்தில் 14 பேர்தான் தேறுவார்கள் என்று வைத்துக்கொள்வோம். இடத்தை 24க்குக் கேளுங்கள், செலவுக் கணக்கை 14க்குப் போடுங்கள். இதை மாற்றிச் செய்தால் சந்தை கடனில் விழும்.

இட அளவு: சறுக்குவது இங்கேதான்

ஒரு கடைக்கு 10 அடி அகலம், 10 அடி ஆழம். 24 கடைக்கு 2,400 சதுர அடி. புதிதாக எழுதுபவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டு 2,400 சதுர அடி கேட்டுவிடுகிறார்கள். மன்றமும் கொடுத்துவிடும். முதல் வாரமே கடைகள் சாலைக்கு வந்துவிடும், இரண்டாம் வாரம் புகார் வரும்.

சரியான கணக்கு இது. கடைகளை எதிரெதிராக இரண்டு வரிசை வையுங்கள், வரிசைக்கு 12. நான்கு கடைக்கு ஒருமுறை 5 அடி இடைவெளி விட்டால் வரிசைக்கு இரண்டு இடைவெளி வரும். நீளம் 120 + 10 = 130 அடி. இரு முனைகளிலும் ஆட்கள் நுழைய 10 அடி விட்டால் 150 அடி.

அகலத்துக்கு வருவோம். இரண்டு வரிசைக்கும் சேர்த்து 20 அடி, நடுவில் நடைபாதை 12 அடி. ஒவ்வொரு வரிசையின் முதுகுப்புறமும் சரக்கு இறக்க 10 அடிப் பாதை. மொத்தம் 52 அடி. 150 × 52 = 7,800 சதுர அடி, அதாவது கடைகளின் பரப்பைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

நடைபாதை 12 அடியா, 8 அடி போதாதா என்று யாராவது கேட்பார்கள். இரு பக்கமும் காய் பொறுக்க நிற்பவர்கள் ஆளுக்கு 3 அடி எடுத்துக்கொள்வார்கள். 12 அடியில் மிச்சம் 6 அடி, பையோடு இருவர் தாராளமாகக் கடக்கலாம். 8 அடியில் மிச்சம் 2 அடிதான், ஒருவர் நின்று பேரம் பேசினால் பின்னால் வரிசை கட்டிவிடும். உள்பக்கத்துக் கடைகளுக்கு ஆளே போகாது. அந்தக் கடைக்காரர்கள் அடுத்த வாரம் வாசலுக்கு வெளியே விரிப்பைப் போடுவார்கள்.

வண்டி நிறுத்தத்தை மறந்துவிட வேண்டாம். ஒரே நேரத்தில் 60 இருசக்கர வண்டிகள், எடுத்து வைக்கும் இடத்தோடு வண்டிக்கு 40 சதுர அடி என்றால் 2,400. ஆக, நீங்கள் கேட்க வேண்டியது 10,200 சதுர அடி.

மனு எழுதுமுன் இடத்தை இரண்டு முறை பாருங்கள். சந்தை நடக்கப்போகும் அதே கிழமை அதே நேரத்தில் ஒருமுறை, நல்ல மழைக்கு மறுநாள் ஒருமுறை. ஆட்களும் வண்டிகளும் போகும் நேரமும் தேங்கும் தண்ணீரும் வரைபடத்தில் தெரியாது. அந்த நிலம் மன்றத்தின் பேரில்தான் இருக்கிறதா என்று நிலப் பதிவேட்டிலும் பார்த்துவிடுங்கள். வேறு துறையின் நிலமாக இருந்தால் மன்றம் மனம்வைத்தாலும் கொடுக்க முடியாது.

குப்பையும் காசும்

கூட்டத்தில் முதலில் எழும் கேள்வி இடத்தைப் பற்றி இருக்காது, குப்பையைப் பற்றித்தான் இருக்கும். கடைக்கு 8 கிலோ இலை, தண்டு, அழுகல் என்று வைத்தாலும் 24 கடைக்கு 192 கிலோ. 'சுத்தமாக வைத்துக்கொள்வோம்' என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். 'ஒவ்வொருவரும் தன் கழிவைச் சாக்கில் கட்டித் தன் வயலுக்கே எடுத்துப் போவார். மதியம் 12 மணிக்குள் இடம் பெருக்கப்படும். விட்டுப்போனவரின் முன்பணத்திலிருந்து கூலி பிடிக்கப்படும்' என்று எழுதுங்கள்.

கடை வாடகையை மேலே சொன்ன 14 பேரை வைத்துப் போடுங்கள். பெருக்குவது, தண்ணீர், கழிப்பறைப் பராமரிப்பு எல்லாம் சேர்ந்து வாரச் செலவு 1,400 என்றால் தலைக்கு 100. அதையே 24ஆல் வகுத்து 60 என்று வைத்தால், 14 பேர் வரும் வாரத்தில் 840தான் சேரும். 560 துண்டு விழும். நிறைய பேர் வரும் மாதத்தில் மிஞ்சுவதைத் தனியாக வையுங்கள், கூடாரத் துணி கிழியும்போது உதவும்.

தீர்மான வரைவு

மனு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. கையெழுத்துக் கட்டம், அடிக்கணக்கோடு கையால் வரைந்த இட வரைபடம், செலவுக் கணக்கு ஆகிய மூன்றையும் இணைப்பாக வையுங்கள். பக்கத்தின் கடைசிப் பத்தி இப்படி இருக்கட்டும்:

'மன்றத்துக்குச் சொந்தமான, இணைப்பு வரைபடத்தில் குறித்த 10,200 சதுர அடி இடத்தை, ஞாயிறுதோறும் காலை 5 முதல் மதியம் 12 மணி வரை, 12 வாரங்களுக்கு மட்டும், உழவர்கள் தங்கள் சொந்த விளைச்சலை விற்கப் பயன்படுத்த அனுமதி அளிக்கப்படுகிறது. நிரந்தரக் கட்டுமானம் எதுவும் கூடாது. தண்ணீர்க் குழாய் ஒன்றும் கழிப்பறைச் சாவியும் மன்றம் தரும். துப்புரவும் ஒழுங்கும் சந்தைக் குழுவின் பொறுப்பு. 10ஆம் வார முடிவில் குழு கணக்கு சமர்ப்பிக்கும். நீட்டிப்பை மன்றம் முடிவு செய்யும்.'

'12 வாரங்களுக்கு மட்டும்' என்பதை எடுத்துவிடாதீர்கள். ஒருமுறை கொடுத்தால் திரும்ப வாங்க முடியாதோ என்ற பயம் உறுப்பினர்களுக்கு எப்போதும் உண்டு, அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். 'சொந்த விளைச்சல்' என்ற சொல்லும் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மொத்தச் சந்தையில் வாங்கி வந்து விற்பவர்கள் மூன்றாம் வாரத்தில் முன்வரிசையைப் பிடித்துவிடுவார்கள். அவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம்: கையெழுத்துக் கட்டத்தில் எழுதாத காய் கடையில் இருக்கும், அல்லது எல்லாக் காயும் ஒரே அளவில் தரம் பிரித்து அடுக்கியிருக்கும்.

கூட்டத்தின் பொருள்நிரல் முடிவாகும் முன்பே மனுவைக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். சந்தை இடத்தை ஒட்டி வீடோ கடையோ உள்ளவர்களிடம் கூட்டத்துக்கு முன்னால் வரைபடத்தைக் காட்டிப் பேசிவிடுங்கள். அவர்கள் கூட்டத்தில் முதல்முறையாகக் கேள்விப்பட்டால் எதிர்ப்பு நிச்சயம்.

தள்ளிவைத்தார்கள் என்றால், எந்த விவரம் போதவில்லை என்பதைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்த ஒரு விவரத்தை மட்டும் சேர்த்து, அதே தீர்மான வரைவை மாற்றாமல் கொடுங்கள்.