குருதி குளுக்கோசு செய்முறை அறிக்கை: முதலில் நியமக் கரைசலைப் பாருங்கள்

குருதியில் குளுக்கோசு அளக்கும் செய்முறையைச் செய்து முடிப்பது பெரிய வேலையில்லை. அறிக்கை எழுத உட்காரும்போதுதான் பிரச்சினை. கோட்பாட்டை எல்லோரும் ஒரே மாதிரி எழுதிவிடுவார்கள், 'பிழைக்கான காரணங்கள்' பகுதி வந்ததும் "மனிதப் பிழை, கருவிப் பிழை" என்று இரண்டு வரியோடு நிறுத்திவிடுவார்கள். அந்தப் பகுதியில் ஒவ்வொரு பிழையும் விடையைக் கூட்டுமா குறைக்குமா என்று எழுதினால்தான் அதற்குப் பெறுமதி. இந்த விளக்கமும் அந்தக் கேள்வியைச் சுற்றியே போகும்.

நான் எடுத்துக்கொள்வது குளுக்கோசு ஒட்சிடேசு முறை. கையுறை போடுவது, பெயர்ச்சீட்டு ஒட்டுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே.

கோட்பாடு

இரண்டு நொதியங்கள் அடுத்தடுத்து வேலை செய்கின்றன. முதலில் குளுக்கோசு ஒட்சிடேசு, குளுக்கோசை ஒட்சியேற்றுகிறது. அதில் ஐதரசன் பேரொட்சைட்டு வெளிவருகிறது. பெரொட்சிடேசு அந்தப் பேரொட்சைட்டைக் கொண்டு பீனோலையும் 4-அமினோஅன்ரிபைரினையும் இணைத்து இளஞ்சிவப்பு நிறப்பொருள் ஒன்றை உண்டாக்குகிறது. குளுக்கோசு எவ்வளவு இருந்ததோ அவ்வளவு நிறம். 505 நனோமீற்றரில் உறிஞ்சலை அளந்து, தெரிந்த செறிவுள்ள நியமக் கரைசலோடு ஒப்பிட்டால் விடை வந்துவிடும்.

இதோடு ஒரு வரியைக் கட்டாயம் சேர்த்து எழுதுங்கள்: குளுக்கோசு ஒட்சிடேசு, குளுக்கோசின் பீற்றா வடிவத்தில்தான் தாக்கம் புரியும். கீழே வரும் பெரிய தலைவலிக்கு வேர் அந்த வரிதான்.

செய்முறை

1. ரியேஜன்டைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பாவிக்க வேண்டாம். வாட்டர் பாத்தில் வைத்து 37 பாகைக்குக் கொண்டுவாருங்கள். நுவரெலியா, ஹட்டன் பக்கம் இது இன்னும் முக்கியம். அறை வெப்பநிலையில் வைத்தாலும் நிறம் வரும் என்று கிட் தாளில் போட்டிருந்தால், அவர்கள் சொல்வது 20 முதல் 25 பாகை. தை மாதக் காலையில் நுவரெலியாவில் அறைக்குள் அந்தச் சூடு எங்கே இருக்கிறது? அதனால் இங்கே வாட்டர் பாத் இல்லாமல் இந்தச் செய்முறையைத் தொடங்காதீர்கள். திரையில் 37 என்று காட்டுவதையும் நம்ப வேண்டாம், ஒரு வெப்பமானியைத் தண்ணீருக்குள் போட்டுப் பாருங்கள். தண்ணீர் மட்டம், குழாய்க்குள் இருக்கும் திரவத்தின் மட்டத்தைவிட மேலே இருக்க வேண்டும்.

2. ஒவ்வொரு குழாயிலும் 1 மில்லிலீற்றர் ரியேஜன்ட் விடுங்கள். பிளாங்க் குழாயில் 10 மைக்ரோலீற்றர் காய்ச்சி வடித்த நீர், நியமக் குழாயில் 10 மைக்ரோலீற்றர் நியமக் கரைசல், மற்றவற்றில் 10 மைக்ரோலீற்றர் பிளாஸ்மா அல்லது சீரம். எல்லாவற்றையும் இரட்டையாகச் செய்யுங்கள்.

   இந்த 10 மைக்ரோலீற்றரில் 1 கூடிப்போனால் விடை 10 வீதம் கூடிவிடும். டிப்பின் வெளிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் துளியே அதற்குப் போதும். டிஷூத் தாளால் வெளிப்பக்கத்தை மட்டும் துடையுங்கள், நுனியைத் தொட்டால் உள்ளே இருப்பதையும் தாள் உறிஞ்சிவிடும். அளவு மாற்றக்கூடிய பிப்பெட்டை நான் இதற்குத் தொடுவதில்லை, 10க்கென்றே உள்ள நிலையான பிப்பெட்தான் நல்லது.

3. கலக்கி 37 பாகையில் 15 நிமிடம் வையுங்கள். கிட் தாளில் வேறு நேரம் இருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

4. பிளாங்கை வைத்து பூச்சியமாக்கி, 505இல் எல்லாவற்றையும் வாசியுங்கள். அப்புறம் ஐந்து நிமிடம் கழித்து நியமக் குழாயை மட்டும் இன்னொரு தடவை வாசியுங்கள். இதை யாரும் செய்வதில்லை. வாசிப்பு அப்படியே இருந்தால் தாக்கம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஏறிக்கொண்டே போனால் எதுவோ சரியில்லை.

நியமக் கரைசல் செய்யும் தொல்லை

கிட்டோடு வரும் நியமக் கரைசலைப் பாவிப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். சொந்தமாகக் கரைப்பவர்கள் நின்று படியுங்கள்.

எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு நாள் வந்த எல்லா விடைகளும் ஒரே விகிதத்தில் கூடியிருந்தன. காலையில் சாப்பிடாமல் வந்தவர்களுக்கெல்லாம் 105, 110 என்று காட்டியது. பிப்பெட், ரியேஜன்ட், விளக்கு என்று ஒவ்வொன்றாகச் சோதித்தோம், எதிலும் பிழை இல்லை. நியமக் குழாயைத் திரும்ப வாசித்தபோதுதான் உறிஞ்சல் மெல்ல ஏறிக்கொண்டிருப்பது தெரிந்தது. குருதிக் குழாய்களில் அப்படி ஏறவில்லை. அன்று காலைதான் அந்த நியமக் கரைசலைக் கரைத்திருந்தார்கள்.

நடந்தது இதுதான். போத்தலில் இருக்கும் குளுக்கோசுப் பளிங்கு அல்பா வடிவம். தண்ணீரில் கரைத்த பிறகு அது மெல்ல மெல்ல பீற்றாவாக மாறி, கடைசியில் ஏறத்தாழ 36 வீதம் அல்பா, 64 வீதம் பீற்றா என்ற நிலையில் நிற்கும். குருதியில் உள்ள குளுக்கோசு ஏற்கெனவே அந்த நிலையில் இருக்கிறது. புதிதாகக் கரைத்த நியமத்தில் இன்னும் அல்பாதான் அதிகம், நொதியம் அதைத் தொடாது. ஆகவே நியமத்தின் உறிஞ்சல் குறைகிறது. நியமத்தால்தான் நாம் வகுக்கிறோம் என்பதால் விடைகள் எல்லாம் கூடுகின்றன. குளிர் அதிகமானால் இந்த மாற்றமும் மெதுவாகும். கொழும்பில் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் சரியாகிவிடும் கரைசலுக்கு மலைநாட்டில் கூடுதல் நேரம் வேண்டும். சில கிட்களில் இந்த மாற்றத்தை விரைவாக்கும் மியூட்டரொட்டேசு என்ற நொதியத்தையும் சேர்த்திருப்பார்கள். எங்களுடையதில் அது இல்லை.

தீர்வு சுலபம். 100 மில்லிகிராம் நீரற்ற குளுக்கோசை நிறுத்து, 0.1 வீத பென்சோயிக் அமிலக் கரைசலில் கரைத்து, 100 மில்லிலீற்றருக்குக் கொண்டுவந்து, ஓர் இரவு வைத்துவிட்டு அடுத்த நாள் பாவியுங்கள். பென்சோயிக் அமிலம் பூஞ்சணம் பிடிக்காமல் காக்கும்.

போத்தலில் 'மொனோஹைட்ரேட்' என்று இருந்தால் 110 மில்லிகிராம் நிறுக்க வேண்டும், ஏனென்றால் அந்த எடையில் நீரும் சேர்ந்திருக்கிறது. 100 மட்டும் நிறுத்தால் அப்போதும் விடைகள் 10 வீதம் அளவில் கூடும். இரண்டு பிழைகளையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது: ஓர் இரவு வைத்ததும் முதல் பிழை மறைந்துவிடும், நிறுத்தலில் வந்த பிழை அப்படியே நிற்கும்.

பெறுபேறுகள்

கீழே உள்ள அட்டவணையில் ஒரே ஆளின் குருதி, சாப்பிடாமல் எடுத்தது. மாதிரி 'அ' சாம்பல் மூடி டியூபில் எடுத்து, ஐஸில் வைத்து, உடனே மையநீக்கம் செய்து பிரித்த பிளாஸ்மா. மாதிரி 'ஆ' சாதாரண டியூபில் எடுத்து, பிரிக்காமல் மேசையில் மூன்று மணித்தியாலம் கிடந்த குருதியின் சீரம்.

| குழாய் | வாசிப்பு 1 | வாசிப்பு 2 | சராசரி | mg/dL | mmol/L |
|---|---|---|---|---|---|
| பிளாங்க் | 0.000 | 0.000 | 0.000 | – | – |
| நியமம் | 0.312 | 0.308 | 0.310 | 100 | 5.6 |
| மாதிரி அ | 0.283 | 0.287 | 0.285 | 91.9 | 5.1 |
| மாதிரி ஆ | 0.241 | 0.245 | 0.243 | 78.4 | 4.4 |

கணக்கில் ஒன்றை மட்டும் முழுதாகக் காட்டினால் போதும்:

```
C = (A_sample / A_standard) × 100
  = (0.285 / 0.310) × 100 = 91.9 mg/dL
91.9 / 18 = 5.1 mmol/L
```

இதே மாதிரி 'அ'வை அன்றே கரைத்த நியமத்தோடு வைத்துப் பாருங்கள். நியமத்தின் உறிஞ்சல் 0.310க்குப் பதில் 0.262 என்று வந்தால், விடை 108.8 ஆகிவிடும். சாப்பிடாமல் எடுத்த குருதியில் 100க்குக் கீழே இருந்தால் பிரச்சினையில்லை என்கிறோம். ஆகவே நல்ல சுகத்தோடு இருப்பவருக்கு, சீனி வருத்தம் வரப்போகிறது என்று சொல்லிவிடும் அளவுக்கு இந்தப் பிழை போகும்.

பிழைக்கான காரணங்கள்

நியமத்தைப் பற்றிப் போதுமான அளவு சொல்லிவிட்டேன். அறிக்கையில் அதை "விடையைக் கூட்டும், எல்லா மாதிரிகளையும் ஒரே விகிதத்தில்" என்று எழுதுங்கள்.

அடுத்தது, மாதிரி 'ஆ' காட்டும் பிழை. குருதியை எடுத்த பிறகும் செங்குருதிக் கலங்கள் குளுக்கோசைப் பாவித்துக்கொண்டே இருக்கும். அறை வெப்பநிலையில் மணித்தியாலத்துக்கு 5 முதல் 7 வீதம் குறையும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. நம் அட்டவணையில் 91.9இலிருந்து 78.4க்கு, அதாவது மூன்று மணித்தியாலத்தில் ஏறத்தாழ 15 வீதம், மணிக்கு 5. இந்த ஒப்பீட்டை அறிக்கையில் எழுதினால், பிழையை ஊகித்து எழுதவில்லை, அளந்து காட்டியிருக்கிறீர்கள் என்பது தெரியும். தோட்டத்துப் பக்கம் குருதி எடுத்து, பஸ்ஸில் நகரத்துக்கு அனுப்பும்போது நடப்பதும் இதுதான்.

சாம்பல் மூடி டியூபில் புளோரைட்டு இருப்பதால் கவலையில்லை என்று நினைக்க வேண்டாம். புளோரைட்டு தடுப்பது ஈனோலேசு என்ற நொதியத்தை. குளுக்கோசு உடையும் பாதையில் அது கடைசிக்குப் பக்கத்தில் இருக்கிறது. முன்னால் உள்ள படிகள் உடனே நிற்காது, ஆகவே முதல் ஒன்றிரண்டு மணித்தியாலம் குளுக்கோசு குறைந்துகொண்டேதான் இருக்கும். ஐஸ் அதற்காகத்தான்.

மூன்றாவது பிப்பெட் பிழை. இது கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும், திசை கிடையாது. இரட்டை வாசிப்புகளின் இடைவெளியில் அது தெரியும். நம் அட்டவணையில் இடைவெளி 0.004தான், அதனால் 'அ'வுக்கும் 'ஆ'வுக்கும் இடையே உள்ள 0.042ஐப் பிப்பெட் மேல் போட முடியாது. இந்த வாதத்தை அறிக்கையில் இரண்டு வரியில் எழுதுங்கள்.

பின்சேர்க்கை: விற்றமின் சி மாத்திரை எடுப்பவரின் குருதி பற்றிப் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்கள். விற்றமின் சி, நிறம் உண்டாக்க வேண்டிய பேரொட்சைட்டைத் தானே எடுத்துக்கொள்ளும், விடை குறையும். வழக்கமான அளவில் மாத்திரை எடுப்பவருக்கு இது பெரிதாகத் தெரியாது, ஊசி மூலம் நிறையக் கொடுத்திருந்தால் தெரியும்.

இன்னொரு பின்சேர்க்கை: பண்டாரவளையிலிருந்து ஒருவர், குளுக்கோமீற்றரில் 101 காட்டுகிறது, ஆய்வுகூடத்தில் 92 வந்தது, எது பிழை என்று கேட்டார். இரண்டுமே பிழையாக இருக்க வேண்டியதில்லை. ISO 15197:2013 தரத்தின்படி, 100க்கு மேலே 15 வீதம் வரை, 100க்குக் கீழே 15 மில்லிகிராம் வரை விலகினாலும் அந்தக் கருவி ஏற்கத்தக்கதுதான். சாப்பிட்ட பிறகு விரல் நுனிக் குருதியில் நாளக் குருதியைவிடக் கூடுதலாகக் காட்டும், ஆகவே ஒப்பிட வேண்டுமென்றால் சாப்பிடாத நேரத்தில் ஒப்பிடுங்கள். குளிர் காலையில் கருவி வெப்பநிலைப் பிழை என்று எச்சரிக்கை காட்டினால், கருவியையும் பட்டியையும் கொஞ்ச நேரம் சூடான அறையில் வைத்துவிட்டு அளக்கவும். அடுப்புக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம், பட்டி கெட்டுவிடும்.