புது டயர் போட்டதும் ஹேண்டில்பார் அதிர்கிறதா?

பைக்கில் புது முன் டயர் போட்ட பிறகு 70, 80 கி.மீ. வேகத்தில் மட்டும் ஹேண்டில்பார் அதிர்ந்தால், டயரைக் குறை சொல்லும் முன் வீல் பேலன்சிங் பாருங்கள். சக்கரத்தைக் கழற்றி, ஆக்சிலை அதிலேயே செருகி, அதன் இரு முனைகளையும் ஒரே உயரமுள்ள இரண்டு தாங்கிகளில் வைத்து மெதுவாகச் சுற்றிவிடுங்கள். கனமான பக்கம் கீழே வந்து நிற்கும். அதற்கு நேர் எதிரே, மேலே, ரிம்மைத் துடைத்துவிட்டு 5 கிராம் ஒட்டு எடை ஒன்றை ஒட்டுங்கள். மறுபடி சுற்றுங்கள், அதே இடம் கீழே வந்தால் இன்னொரு 5 கிராம். எந்த நிலையில் விட்டாலும் சக்கரம் அசையாமல் நின்றால் போதும். பேரிங் இறுக்கமாக இருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும்.

கனமான பக்கம் வெளிநோக்கி இழுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. 40-ல் தெரியாதது 80-ல் நான்கு மடங்காவது அதனால்தான். டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் பெரும்பாலும் அதுவே எடை குறைந்த இடம். அதை வால்வுக்கு நேராக வைத்து மாட்டினால் எடை குறைவாகவே தேவைப்படும்.

மெதுவாகப் போகும்போதே வண்டி குதித்தால் பேலன்சிங் உதவாது. ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் டயர் சரியாக உட்காரவில்லை. கோடு சரியாக இருந்தால் ரிம் வளைவைச் சந்தேகிக்கலாம். வண்டி நிற்கும்போது ஆக்சிலரேட்டர் கொடுத்தாலே அதிர்ந்தால், அது இன்ஜின் சமாசாரம்.