புக்க போட்டோ எடுத்தா பைண்டிங் கிட்ட வரி வளைஞ்சு மங்குதா? இப்படி படிங்க

தடியான பழைய புக்க விரிச்சு ரெண்டு பக்கத்தையும் ஒரே போட்டோவா எடுத்தா, இடது பக்கத்துல வரியோட கடைசி வார்த்தையும் வலது பக்கத்துல முதல் வார்த்தையும் பைண்டிங்குக்குள்ள போய் மங்கிடும். புக்கு இன்னும் கையில இருந்தா ஒவ்வொரு பக்கமா திரும்ப எடுத்துடுங்க, அதுக்கு ஈடே கிடையாது. இல்லன்னா இப்படி செய்யுங்க.

முதல்ல வரி எந்தப் பக்கம் வளையுதுன்னு பாருங்க. பைண்டிங் கிட்ட தாள் உள்ள இறங்குறதால கேமராவுக்கு தூரமாகுது, தூரமாகுறது எல்லாம் போட்டோவோட நடுவ நோக்கி சுருங்கும். அதனால நேர் மேல இருந்து எடுத்த போட்டோவுல மேல்பாதி வரி கீழ இறங்கும், கீழ்பாதி வரி மேல ஏறும், நடு வரி மட்டும் கிட்டத்தட்ட நேரா நிக்கும். போன சாய்ச்சு புடிச்சிருந்தா அந்த நேர் வரி வேற இடத்துல இருக்கும், அத தேடிக்கோங்க.

இது ஏன் முக்கியம்னா, இடது பக்கத்துல மேல்பாதியில கண்ண நேரா ஓட்டினா கடைசியில மேல் வரியோட வார்த்தையில போய் நிப்பீங்க, கீழ்பாதியில அடுத்த வரிக்கு தாவிடுவீங்க, சில நேரம் அர்த்தமும் ஒட்டுற மாதிரியே இருக்கும், தப்பு நடந்ததே தெரியாது. அதனால வெளி ஓரத்துலயும் பைண்டிங் கிட்டயும் தனித்தனியா வரிய எண்ணுங்க, இங்க 7வது வரின்னா அங்கயும் 7வது. பத்தி முடியுற வரி பாதியிலேயே நின்னுட்டா பைண்டிங் கிட்ட எண்ணிக்கைல ஒன்னு குறையும், அத மறக்காதீங்க.

அடுத்து நெருக்கி நிக்கிற எழுத்த அகலமாக்கணும். இடது பக்கத்த மட்டும் left.jpg-ன்னு வெட்டி வச்சுட்டு, கட்டளை டைப் பண்ணி போட்டோவ மாத்துற இமேஜ்மேஜிக் சாஃப்ட்வேர் கம்ப்யூட்டர்ல இருந்தா:

```
magick left.jpg -gravity east -crop 20%x100%+0+0 +repage -resize 160%x100% strip.png
```

இது வலது ஓரத்து அஞ்சுல ஒரு பங்க எடுத்து அகலத்த மட்டும் இழுக்கும். எழுத்து சுருங்கியிருந்தா தெளியும். ஆனா பெருசாக்கிப் பாத்தாலும் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவுல வெள்ளையே தெரியலன்னா அது ஃபோகஸ் போன இடம், எவ்வளவு இழுத்தாலும் வராது.

அங்கதான் தமிழ் கைகொடுக்கும். மங்கல்ல முதல்ல காணாம போறது புள்ளி, அப்புறம் ‘ர’வோட அடிக்கோடு, ‘மரம்’ அப்படியே ‘மாம்’ மாதிரி தெரியும். எனக்கு வந்த ஒரு வரி ‘கடிதத்தை’ன்னு முடிஞ்சு பின்னாடி ஒரு கறுப்பு திட்டு, அடுத்த வரி ‘படித்துவிட்டு’ன்னு ஆரம்பிச்சுது. ‘ஐ’ உருபுக்கு அப்புறம் ‘ப’ வந்தா ஒற்று மிகும், அதனால அந்த திட்டு ‘ப்’தான். தமிழ்ல வார்த்தைய பாதியில உடைச்சு அடுத்த வரில போடுவாங்க, ஹைஃபன் கூட இருக்காது, அதனால அடுத்த வரியோட முதல் எழுத்த எப்பவும் சேத்து வச்சே பாருங்க.

இப்படி ஊகிச்சத டைப் பண்ணும்போது கடிதத்தை[ப்]னு அடைப்புக்குள்ள போடுங்க, ஊகிக்கவே முடியாத இடத்துல [...] போட்டுட்டு பக்க எண்ணையும் வரி எண்ணையும் குறிச்சு வைங்க, என்னைக்காவது அந்த புக்கு திரும்ப கிடைச்சா நேரா அந்த வரிக்கே போய் பாக்கலாம்.