பின் நம்பர் போட்ட பிறகு போன் வந்தால்

மளிகைக் கடையில் 640 ரூபாய். க்யூஆர் ஸ்கேன் செய்து யுபிஐ பின் போட்டேன். சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே மைத்துனர் கூப்பிட்டுவிட்டார். பேசிவிட்டுத் திரும்பினால் ஆப் முதல் பக்கத்தில் நிற்கிறது. கடைக்காரரின் சவுண்ட் பாக்ஸும் வாயைத் திறக்கவில்லை. போகவில்லை போலிருக்கிறது என்று மறுபடி கட்டினேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் 640 இரண்டு தடவை போயிருந்தது.

நான் செய்ததுதான் பலரும் செய்கிற தவறு. பின் போடுவதற்கு முன்னால் போன் வந்தாலோ வேறு ஆப்புக்குப் போனாலோ பயமில்லை, பணம் நகர்ந்திருக்காது. திரும்பி வந்து முதலிலிருந்து தொடங்கினால் போதும். பின் போட்டு அனுப்பிவிட்டால் கதை வேறு. கோரிக்கை போனைத் தாண்டி வங்கிகளுக்குப் போயிருக்கும். மிச்ச வேலை அங்கேதான் நடக்கும். அதற்குப் பிறகு ஆப்பை மூடினாலும் சார்ஜ் தீர்ந்து போன் அணைந்தாலும் பணம் போவது நிற்காது. திரையில் டிக் வரவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

எனவே மறுபடி கட்டும் முன் ஆப்பின் ஹிஸ்டரியைத் திறந்து பாருங்கள். 'பிராசசிங்' அல்லது 'பெண்டிங்' என்றிருந்தால் கை வைக்காதீர்கள். ஒன்றிரண்டு நிமிடம் விட்டுப் பாருங்கள். எஸ்எம்எஸ்ஸை நம்பி உட்காராதீர்கள், அது தாமதமாகவும் வரும், வராமலும் போகும். பேட்டரி சேவர் போட்டிருந்தால் ஆப்பின் நோட்டிஃபிகேஷனும் அப்படித்தான். கடைக்காரர் அவசரப்பட்டால் ரொக்கம் கொடுத்துவிட்டு, முதல் பணமும் வந்து சேர்ந்தால் திருப்பித் தரும்படி சொல்லி வையுங்கள்.

அவசரப்பட்டால் என்ன நஷ்டம்? கணக்கில் கழிந்து கடைக்குச் சேராத பணம் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தனி ஆளுக்கு அனுப்பியது என்றால் மறுநாளுக்குள். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019-இல் சொல்லியிருக்கிறது. ஆனால் இரண்டு தடவை கட்டி இரண்டுமே வெற்றி என்றால் இந்த விதி உதவாது. வங்கியின் கண்ணில் அவை இரண்டு சரியான பரிவர்த்தனைகள். கடைக்காரர் மனது வைத்தால்தான் உண்டு. எனக்கு அவர் கொடுத்துவிட்டார், 12 இலக்க யுடிஆர் எண்கள் இரண்டையும் காட்டிய பிறகு.

இரண்டு சிம் போட்டிருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு சிம்மில் நெட் ஓடும்போது இன்னொரு சிம்மில் கால் எடுத்தால், பல போன்களில் பேசி முடிக்கும்வரை நெட் நின்றுவிடும். 'பேசிக்கொண்டே கட்டிவிடலாம்' என்று நினைத்தால் பின் போட்ட இடத்திலேயே திரை உறைந்து நிற்பது இதனால்தான். பேசி முடித்துவிட்டு, ஹிஸ்டரியைப் பார்த்துவிட்டு, பிறகு கட்டுங்கள்.