படிப்படியாகப் பணிக்குத் திரும்பும் உடன்பாட்டில் நேரும் தவறுகள்

பணியிடத்தில் நேர்ந்த துன்புறுத்தலால் மனம் நொந்து, மருத்துவர் சொன்னபடி விடுப்பில் இருந்தவர் வேலைக்குத் திரும்பும்போது, முதல் சில வாரங்கள் குறைந்த நேரம் பணியாற்றிப் பிறகு முழு நேரத்துக்கு வருவது நல்ல ஏற்பாடுதான். ஆனால் தனியார் நிறுவனங்களில் இதற்கென்று தனிச் சட்டவிதி ஏதும் இல்லை என்பதால், இரு தரப்பும் எழுதிக் கையொப்பமிடும் தாளில் இருப்பதே அந்த ஏற்பாட்டின் முழு வலிமை. எழுதாமல் விட்டவை பெரும்பாலும் நிறுவனத்தின் வசதிப்படியே முடிகின்றன.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்கு நிறுவனப் பேருந்தில் போய்வரும் கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். பிரிவுத் தலைவரின் பாலியல் துன்புறுத்தலைப் பற்றி அவர் உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு மாதம் விடுப்பில் இருந்தார். இப்போது முதல் இரண்டு வாரங்கள் தினமும் நான்கு மணி நேரம், அடுத்த இரண்டு வாரங்கள் ஆறு மணி நேரம், அதன்பின் வழக்கமான எட்டு மணி நேரம் என்று மருத்துவர் பரிந்துரைத்திருக்கிறார்.

இத்தகைய உடன்பாடுகளில் முதன்மையான தவறு, கடிகாரத்தை மட்டும் எழுதிவிட்டு ஆளைப் பற்றி எழுதாமல் விடுவது. நான்கு மணி நேர வேலையும் அதே பிரிவுத் தலைவரின் கீழ் என்றால் நேரக் குறைப்பால் பயன் ஒன்றுமில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இன்படி, விசாரணை நடக்கும் காலத்தில் பாதிக்கப்பட்ட பெண் எழுத்தில் கேட்டால், இருவரில் ஒருவரை வேறு பணியிடத்துக்கு மாற்றுமாறும், அவருடைய பணி மதிப்பீட்டை எதிர்த்தரப்பினர் எழுதாமல் வேறு அதிகாரி எழுதுமாறும் குழு பரிந்துரைக்கலாம். இந்தப் பாதுகாப்பு விசாரணைக் காலத்துக்கு மட்டுமே உரியது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. விசாரணை 90 நாள்களுக்குள் முடிய வேண்டும். முடிந்த 10 நாள்களுக்குள் அறிக்கை தரப்பட வேண்டும். அந்தப் பரிந்துரையின்மீது நடவடிக்கை எடுக்க நிறுவனத்துக்கு 60 நாள்கள் உண்டு. நம் ஊழியர் திரும்பும் நாள் அந்த 60 நாள்களுக்குள் விழுந்தால், இடைக்காலப் பாதுகாப்பும் முடிந்திருக்கும், இறுதி நடவடிக்கையும் வந்திருக்காது. அந்த இடைவெளியை அடைக்க வேண்டியது திரும்பும் திட்டத்தின் வாசகம்தான்.

ஆகவே அவருடைய வேலையை யார் ஒப்படைப்பார், விடுப்பு விண்ணப்பத்தை யார் ஏற்பார், வருகைப் பதிவில் யார் ஒப்புதல் தருவார், இந்த ஆண்டின் மதிப்பீட்டை யார் எழுதுவார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரைத் தாளில் கேட்டு வாங்க வேண்டும். “தகுந்த ஏற்பாடு செய்யப்படும்” என்ற வரியை நான் ஏற்கச் சொல்ல மாட்டேன். அதில் செய்பவரும் இல்லை, தேதியும் இல்லை. காலைப் பேருந்தையும் மறக்கக்கூடாது. கடலூரிலிருந்து அரியாங்குப்பம் வழியாக வரும் அதே வண்டியில் பிரிவுத் தலைவரும் ஏறுகிறார் என்றால், அலுவலகத்துக்குள் செய்த பிரிப்பு அதற்கு முன்பே குலைந்துவிடுகிறது. மேலும், நான்கு மணி நேரம் முடிந்து நண்பகலில் கிளம்புபவருக்கு நிறுவன வண்டி இருக்காது. வேறு வண்டியோ போக்குவரத்துப் படியோ திட்டத்தில் இடம்பெறாவிட்டால், அந்தச் செலவு அவர் தலையில்தான் விழும்.

அடுத்த தவறு பணத்தைப் பேசக் கூச்சப்படுவது. அவருடைய மாத ஊதியம் 19,500 ரூபாய் என்றும், நிறுவனம் 26 நாள்களால் வகுப்பது என்றும் வைத்துக்கொண்டால், ஒரு நாளுக்கு 750 ரூபாய் வருகிறது. வாரத்துக்கு ஆறு வேலை நாள்கள். முதல் இரண்டு வாரங்களில் 48 மணி நேரமும் அடுத்த இரண்டு வாரங்களில் 24 மணி நேரமும் குறைகின்றன. மொத்தம் 72 மணி நேரம், அதாவது ஒன்பது வேலை நாள்கள், 6,750 ரூபாய். இந்த நேரம் ஊதியத்தோடு கூடிய சிறப்பு அனுமதியா, ஈட்டிய விடுப்பா, சம்பளமில்லா விடுப்பா என்று தாளில் இல்லையென்றால், மாத இறுதியில் கணினி அதைச் சம்பளமில்லா விடுப்பாகவே கழித்துவிடும்.

ஈஎஸ்ஐ தந்துவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மிகாதவர்களுக்கான அந்தத் திட்டத்தில், நோய்க்கால உதவியாக ஊதியத்தில் 70 விழுக்காடு ஆண்டுக்கு 91 நாள்கள் வரை கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அது முழு நாளாக வேலையிலிருந்து விலகியிருப்பவருக்கு உரியது; வேலை செய்து ஊதியம் பெற்ற நாளின் மறுபாதிக்கு அது கிடைக்காது. எனவே அரை நாள் திட்டத்தின் இழப்பை யார் ஏற்பது என்பதை நிறுவனத்தோடுதான் பேசித் தீர்க்க வேண்டும்.

இங்கே 2013 சட்டத்தின் இன்னொரு பிரிவு உதவலாம். விசாரணை நடக்கும்போது, எழுத்தில் கேட்டால், வழக்கமான விடுப்பில் கழிக்காமல் மூன்று மாதம் வரை தனி விடுப்பு வழங்கக் குழு பரிந்துரைக்கலாம். இதைக் கேட்காமல் சேர்த்து வைத்த ஈட்டிய விடுப்பு முழுவதையும் தீர்த்துவிட்டுத் திரும்புவோர் பலர். விசாரணை இன்னும் முடியவில்லை என்றால், குறையும் நேரத்தை அந்தத் தனி விடுப்பில் சேர்க்கும்படி குழுவிடம் கேட்டுப் பார்க்கலாம். ஏற்பது குழுவின் முடிவு. “ஊதியத்தோடு” என்ற சொல்லைப் பரிந்துரையிலேயே இடம்பெறச் செய்வது நல்லது, ஏனெனில் சட்ட வாசகம் விடுப்பு என்று மட்டுமே சொல்கிறது.

மருத்துவர் கடிதத்தில் தேவைக்கு மேல் எழுதித் தருவதும் தவறு. நோயின் பெயர், மாத்திரைகள், மனநல மருத்துவரிடம் பேசியவை எதுவும் நிறுவனத்துக்கு வேண்டியதில்லை. எத்தனை மணி நேரம், எத்தனை வாரம், எந்தச் சூழலைத் தவிர்க்க வேண்டும், மறுபரிசோதனை எப்போது என்பவை போதும். திட்டத்தையும் இரண்டு தாளாகப் பிரித்துக்கொள்ளலாம். முழுத் திட்டம் மனிதவளப் பிரிவிடமும் ஊழியரிடமும் மட்டும் இருக்கட்டும். சக ஊழியர்களுக்குச் செல்லும் தாளில் பணி நேரமும் புதிய பொறுப்பாளரின் பெயரும் தவிர வேறொன்றும் வேண்டாம். புகாரின் விவரங்களை வெளியிடக்கூடாது என்பது சட்டத்தின் கட்டளையும்கூட.

மூன்றாம் வாரம் பிறந்ததும் தானாகவே ஆறு மணி நேரம் என்று எழுதுவது பார்வைக்கு ஒழுங்காக இருக்கும். ஆனால் தூக்கம் மீண்டும் கெட்டாலோ, பிரிவுத் தலைவரை எதிர்பாராமல் சந்திக்க நேர்ந்து பழைய நடுக்கம் வந்தாலோ, அந்த ஒழுங்கே ஊழியருக்கு எதிராகத் திரும்பும். ஒவ்வொரு கூடுதலுக்கும் முன் ஒரு சந்திப்பு, மருத்துவர் சொன்னால் அதே நிலையில் மேலும் இரண்டு வாரம், அப்படி நீடிப்பது பணிக்குறையாகக் கருதப்படாது என்ற மூன்றையும் சேர்த்து எழுத வேண்டும்.

கையொப்பமிடும் நாளில் வேறு வரிகள் உள்ளே நுழைந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். “என் விருப்பத்தின்பேரில் வேறு பிரிவுக்கு மாறுகிறேன்”, “இனி எனக்குக் குறை ஏதும் இல்லை” போன்ற வரிகளுக்கும் பணி நேரத்துக்கும் தொடர்பில்லை. அவற்றை அடித்துவிட்டுக் கையொப்பமிடலாம், அல்லது படித்துப் பார்க்க ஒரு நாள் அவகாசம் கேட்கலாம்.

நிறுவனம் தாளே தராமல் தொலைபேசியில் “வாங்கம்மா, பார்த்துக்கலாம்” என்று சொன்னால், அன்றைக்கே மின்னஞ்சல் அனுப்ப வேண்டும்: “இன்று தாங்கள் கூறியபடி, வரும் திங்கள்கிழமை முதல் இரண்டு வாரங்களுக்குத் தினமும் நான்கு மணி நேரம், முழு ஊதியத்துடன், வேறு பொறுப்பாளரின் கீழ் பணியாற்றுகிறேன். இதில் மாற்றம் இருப்பின் வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்க வேண்டுகிறேன்.” பதில் வராவிட்டாலும் அது பின்னாளில் சான்றாக நிற்கும். பதிலாக மறுப்பு வந்தால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு அங்கே சட்ட உதவி இலவசம். பத்துப் பேருக்கும் குறைவான நிறுவனம் என்றால் புகார் மாவட்ட உள்ளூர்க் குழுவுக்குச் செல்லும். வீடு கடலூரில் இருந்தாலும் வேலை புதுச்சேரியில் என்பதால், அது புதுச்சேரிக் குழுவாகவே இருக்கும்.